மூன்று வட்டங்களின் நடுவெளியும் அல்-குவாரிஸ்மியின் மூன்று அளவுகளும்

ஒரே அளவான மூன்று வட்டங்களை ஒன்றையொன்று தொடும்படி வரைந்தால் அவற்றின் நடுவில் சின்னதாக ஒரு வெளி மிஞ்சும். மூன்று தேநீர்க் கிளாஸ்களை மேசையில் நெருக்கி வைத்து மேலிருந்து பார்த்தாலும் அதே வெளி தெரியும். மூன்று மூலை, உள்நோக்கி வளைந்த மூன்று பக்கம், அவ்வளவுதான். சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பழகிய உருவம். இதன் பரப்பளவைக் காணும் வழியும் நீளமானதல்ல, நாலைந்து வரியில் முடிந்துவிடும்.

ஆனால் இந்தச் சின்ன வெளிக்குள் ஒரு பொல்லாத குணம் ஒளிந்திருக்கிறது. வட்டத்தின் முழுப் பரப்பளவைக் காணும்போது கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு வழு, இந்த நடுவெளியைக் காணும்போது ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருத்து வெளியே வந்துவிடும். ஆகவே, எவர் எந்த அளவைத் தந்தாலும் அது எவ்வளவு நம்பத்தக்கது என்று உரசிப் பார்க்க இது ஒரு நல்ல உரைகல். அல்-குவாரிஸ்மி தமது நூலில் தந்துள்ள மூன்று அளவுகளை இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் கணக்கு, பிறகு அந்த அளவுகள்.

உருவத்துக்குள் என்ன இருக்கிறது?

"மூன்று மூலை இருக்கிறதுதானே சேர், முக்கோணிச் சூத்திரத்தைப் போட்டால் என்ன?" என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும். போட முடியாது. முக்கோணியின் பக்கம் நேர்கோடு, இதன் பக்கமோ வட்டத்தின் வில். அதோடு, இதன் மூலைகளும் வழக்கமான மூலைகள் அல்ல. இரண்டு வட்டங்கள் தொடும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவான ஒரே தொடலிதான் உண்டு. ஆகவே அந்த மூலையில் இரண்டு வில்களும் ஒரே திசையில் வந்து ஒட்டிக்கொள்கின்றன, அங்கே உண்டாகும் கோணம் பூச்சியம். ஊசி முனையைவிடக் கூரான இந்த உருவத்தை நேராக அளக்கும் சூத்திரம் எதுவும் பாடப் புத்தகத்தில் இல்லை. எனவே சுற்றுவழியில்தான் போக வேண்டும்: அளக்கத் தெரிந்த ஒரு பெரிய உருவத்தை எடுத்து, அதிலிருந்து அளக்கத் தெரிந்த துண்டுகளைக் கழிக்க வேண்டும்.

பெரிய உருவம் எது? மூன்று வட்டங்களின் மையங்களையும் இணைத்துப் பாருங்கள். ஒரு முக்கோணி வரும். அதன் ஒவ்வொரு பக்கமும் இரண்டு வட்டங்கள் தொடும் புள்ளியினூடாகவே செல்லும். ஏன்? தொடும் புள்ளியில் வரையும் ஆரை தொடலிக்குச் செங்குத்து. தொடலி இரண்டு வட்டத்துக்கும் பொது. ஆகவே இரண்டு ஆரைகளும் அதே கோட்டுக்கு ஒரே புள்ளியில் செங்குத்தாக நிற்கின்றன. அப்படியானால் இரண்டும் சேர்ந்து ஒரே நேர்கோடுதான். எனவே பக்கத்தின் நீளம் இரண்டு ஆரை. மூன்று பக்கமும் இவ்வாறே இருப்பதால் இது சமபக்க முக்கோணி, ஒவ்வொரு கோணமும் 60 பாகை.

இந்த முக்கோணிக்குள் இருப்பவை நான்கு துண்டுகள். நடுவில் நமக்கு வேண்டிய வெளி. மூலைக்கு ஒன்றாக மூன்று ஆரைச்சிறைகள், அதாவது வட்டமான கேக்கிலிருந்து மையத்தோடு சேர்த்து வெட்டிய துண்டுகள். ஒரு துண்டு 60 பாகை என்றால் மூன்றும் சேர்ந்து 180 பாகை, சரியாக அரை வட்டம். ஆகவே கணக்கு இவ்வளவுதான்:

நடுவெளி = சமபக்க முக்கோணியின் பரப்பளவு − அரை வட்டத்தின் பரப்பளவு

வட்டங்களின் எஞ்சிய பகுதிகள் முக்கோணிக்கு வெளியே கிடக்கின்றன, அவற்றுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. மூன்று வட்டத்தையும் முழுசாகக் கழிக்கப் புறப்படும் பிள்ளை இந்த இடத்தில்தான் வழிதவறுகிறது.

ஏழு சென்ரிமீற்றர் ஆரை

ஓர் அளவைப் போட்டுப் பார்ப்போம். ஆரை 7 சென்ரிமீற்றர், ஆகவே முக்கோணியின் பக்கம் 14 சென்ரிமீற்றர். உயரத்தைக் காண முக்கோணியை நடுவால் இரண்டாகப் பிரிக்கலாம். கிடைக்கும் செங்கோண முக்கோணியில் செம்பக்கம் 14, அடி 7. பைதகரஸ் தேற்றத்தின்படி 196 இலிருந்து 49 போக 147. உயரம் 147 இன் வர்க்கமூலம், அதாவது 12.124. இதை அரை அடியான 7 ஆல் பெருக்க, முக்கோணியின் பரப்பளவு 84.87 சதுர சென்ரிமீற்றர்.

இனி அரை வட்டம். π இன் பெறுமானத்தை 22/7 எனக் கொண்டால் முழு வட்டம் 154, அரை வட்டம் 77. கழித்தால் மீதி 7.87. கணிகருவியில் உள்ள π ஐப் பயன்படுத்தினால் அரை வட்டம் 76.97, நடுவெளி 7.90 சதுர சென்ரிமீற்றர். இதுவே சரியான விடை.

எந்த ஆரைக்கும் பொருந்த எழுதினால் r²(√3 − π/2) என்று வரும். அடைப்புக்குள் இருப்பது 0.16125. ஆரையின் வர்க்கத்தை இதனால் பெருக்கினால் போதும். வட்டங்கள் பெரிதானாலும் சிறிதானாலும் முக்கோணியில் நடுவெளி பிடிக்கும் பங்கு மாறாது, அது எப்போதும் 9.3 சதவீதம். இந்தப் பங்கு சின்னதாக இருப்பதுதான் பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் காரணம் என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அல்-குவாரிஸ்மி தந்த அளவுகள்

முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி கலீபா மஃமூனின் காலத்தில் (813–833) பக்தாதில் இருந்து எழுதியவர். அவருடைய அல்-ஜப்ர் வல்-முகாபலா நூல் சமன்பாடுகளுக்காகவே பேசப்படுகிறது. அந்நூலின் பிற்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைப் பங்கீடு பற்றியது என்பதும் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. இவற்றுக்கு நடுவில் அளவை பற்றிய ஒரு சிறு பகுதியும் உண்டு. காணி அளப்போருக்கும் வாய்க்கால் வெட்டுவோருக்கும் பயன்படும் விதமாகச் சதுரம், முக்கோணி, வட்டம் ஆகியவற்றை அளக்கும் வழிகள் அதில் வருகின்றன. மூன்று வட்டங்களின் நடுவெளி அதில் பேசப்படவில்லை. ஆனால் அதைக் காணத் தேவையான இரண்டு கருவிகளும் அங்கே இருக்கின்றன.

முதலாவது, சமபக்க முக்கோணி. பக்கம் 10 ஆக உள்ள முக்கோணியை எடுத்து, உயரம் 75 இன் வர்க்கமூலம் என்றும், பரப்பளவு 1875 இன் வர்க்கமூலம், அதாவது 43 உம் சொச்சமும் என்றும் அவர் காட்டுகிறார். நாம் மேலே 14 ஐ வைத்துச் செய்ததும் இதே வழிதான்.

இரண்டாவது, வட்டம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதிலிருந்து ஏழில் ஒரு பங்கையும் அந்தப் பங்கில் பாதியையும் கழிக்கச் சொல்கிறார். நம்முடைய வட்டத்தின் விட்டம் 14. வர்க்கம் 196. ஏழில் ஒன்று 28, அதன் பாதி 14. இரண்டையும் கழித்தால் 154. நம் பிள்ளைகள் 22/7 ஐ வைத்து எடுக்கும் அதே விடை, சூத்திரம் வேறு உருவத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பரிதியைப் பற்றிச் சொல்லும்போது அவர் ஒரு பெறுமானத்தோடு நிற்கவில்லை, மூன்றைத் தருகிறார். விட்டத்தை மூன்றும் ஏழில் ஒன்றும் கொண்டு பெருக்குவது மக்கள் வழக்கு, அது அவ்வளவு துல்லியமானதல்ல என்கிறார். விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது கேத்திரகணிதக்காரரின் வழி. விட்டத்தை 62832 ஆல் பெருக்கி 20000 ஆல் வகுப்பது வானியலாளரின் வழி. கடைசி எண் இந்தியாவின் ஆரியபட்டர் 499 ஆம் ஆண்டளவில் எழுதிய நூலிலும் அப்படியே இருக்கிறது. 20000 விட்டமுள்ள வட்டத்தின் பரிதி 62832 என்பது அவர் வாக்கு.

ஆக, நமது கையில் மூன்று அளவுகள்: 22/7, √10, 3.1416. மூன்றும் வெவ்வேறு கூட்டத்தாருடையவை. எது நல்லது?

உரைகல்லில் மூன்றும்

முழு வட்டத்தை அளந்து பார்த்தால் மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியாது. ஆரை 7 ஆக உள்ள வட்டத்தின் சரியான பரப்பளவு 153.94. 22/7 தருவது 154. √10 தருவது 154.95. 3.1416 தருவது 153.94. மிக மோசமான √10 கூட நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குப் பிழைக்கவில்லை, 0.66 சதவீதம்தான். காணி அளக்கிற ஒருவர் இதைப் பிழை என்றே சொல்லமாட்டார்.

இப்போது அதே மூன்றையும் நடுவெளியில் போடுவோம். முக்கோணி எல்லாவற்றுக்கும் 84.87 தான். 22/7 இன்படி மீதி 7.87. √10 இன்படி அரை வட்டம் 77.48, மீதி 7.39. 3.1416 இன்படி அரை வட்டம் 76.97, மீதி 7.90. சரியான விடை 7.90 என்பது நமக்குத் தெரியும். வானியலாளரின் அளவு சரியாக வந்து நிற்கிறது. மக்கள் வழக்கு 0.4 சதவீதம் குறைகிறது. கேத்திரகணிதக்காரர் வழி என்று சொல்லப்பட்டதோ 6.4 சதவீதம் குறைந்துபோகிறது. மதிப்பான பெயர் தாங்கிய அளவைவிடச் சந்தையில் புழங்கிய அளவு நன்றாக வேலை செய்கிறது!

காரணத்தைப் பார்ப்போம். √10 செய்த வழு உண்மையில் மாறவில்லை. அரை வட்டத்தில் அது அரைச் சதுர சென்ரிமீற்றர், நடுவெளியிலும் அதே அரைச் சதுர சென்ரிமீற்றர். முன்பு அது 77 என்ற பெரிய தொகைக்குள் கரைந்து கிடந்தது. கழித்த பிறகு எஞ்சியது 8 கூட இல்லை. 77 ரூபாய்க்குள் தொலைந்த 50 சதத்தை யாரும் தேடமாட்டார்கள், 8 ரூபாய்க்குள் தொலைந்தால் தேடுவார்கள். அரை வட்டம் நடுவெளியைப் போல் 9.7 மடங்கு, ஆகவே π இல் உள்ள சதவீத வழு 9.7 மடங்காகத் தெரிகிறது. முக்கோணி நடுவெளியைப் போல் 10.7 மடங்கு, ஆகவே √3 இல் உள்ள வழு 10.7 மடங்காகத் தெரிகிறது.

பின்னாலுள்ள எண் இன்றைக்கும் நம் வகுப்பறைகளில் வேலையைக் காட்டுகிறது. √3 ஐ 1.7 என்று சுருக்கிக்கொண்டு போகும் பழக்கம் பலருக்கு உண்டு. முக்கோணி 83.3 என்று வரும். 77 போக மீதி 6.3. உண்மையான நடுவெளியில் ஐந்திலொரு பங்கு காணாமல் போய்விட்டது. √3 இல் செய்த சுருக்கமோ 2 சதவீதம்கூட இல்லை. 1.73 என்று எடுத்தால் மீதி 7.77, 1.732 என்று எடுத்தால் 7.87. எனவே நடுவெளி நூற்றுக்கு ஒன்றுக்குள் சரியாக வேண்டுமானால் √3 க்கு மூன்று தசமதானம் தேவை, π க்கு 22/7 போதும். அதற்குமேல் துல்லியம் வேண்டுமென்றால் 22/7 ஐக் கைவிடத்தான் வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அதே அளவான நான்கு வட்டங்களைச் சதுரமாகத் தொடவைத்தால் நடுவில் மிஞ்சுவது, 14 பக்கமுள்ள சதுரத்திலிருந்து ஒரு முழு வட்டம் போன மீதி. 196 இலிருந்து 153.94 போக 42.06. இந்த வெளி பெரியது. √10 ஐ இங்கே போட்டால் 41.05 வரும், வழு 2.4 சதவீதம் மட்டுமே. அதே √10 தான், ஆனால் மீதி பெரிதாக இருப்பதால் குட்டு அவ்வளவாக வெளிப்படவில்லை. கழிக்கும் இரண்டு தொகைகளும் எவ்வளவுக்கு நெருங்கி நிற்கின்றனவோ அவ்வளவுக்கு உரைகல் கடுமையாகிறது.

விடை சரியா என்று எப்படித் தெரியும்?

இரண்டு விதமான சோதனைகள் உண்டு. ஒன்று மொத்தமான சோதனை. வட்டங்கள் தொடும் மூன்று புள்ளிகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் 7 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சிறிய முக்கோணி வரும். அதன் பரப்பளவு 21.2. நடுவெளி முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது, ஏனென்றால் வில்கள் அந்தக் கோடுகளுக்கு உட்புறமாக வளைந்திருக்கின்றன. மறுபக்கம், நடுவெளிக்குள் அடங்கக்கூடிய மிகப் பெரிய வட்டத்தின் ஆரை 1.08 சென்ரிமீற்றர், பரப்பளவு 3.7. ஆகவே விடை 3.7 க்கும் 21.2 க்கும் இடையில் இருந்தே தீரவேண்டும். ஒரேயொரு ஆரைச்சிறையை மட்டும் கழித்த பிள்ளைக்கு 59 வரும், அது உடனே பிடிபடும். முக்கோணியின் பக்கத்தை 7 என்று எடுத்த பிள்ளைக்கு 21 இலிருந்து 77 ஐக் கழிக்க வேண்டி வரும், சய விடையே அதைச் சொல்லிவிடும்.

ஆனால் 6.3 என்ற விடை இந்தச் சோதனையில் அகப்படாது. அதற்கு வரைபுத்தாள் வேண்டும். 14 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சமபக்க முக்கோணியை வரைந்து, மூன்று உச்சிகளிலும் கவராயத்தை வைத்து 7 சென்ரிமீற்றர் ஆரையில் வில்களை மட்டும் வரைந்தால் போதும். வட்டங்களை முழுதாக வரைய வேண்டியதில்லை, தாளும் காணாது. பிறகு உள்ளே இருக்கும் மில்லிமீற்றர் சதுரங்களை எண்ண வேண்டும். பாதிக்கு மேல் உள்ளே இருப்பவற்றை ஒன்றாகவும், குறைந்தவற்றைப் பூச்சியமாகவும் கொள்ளலாம். 790 சதுரத்துக்குக் கிட்ட வரும். 630 க்கும் 790 க்கும் உள்ள வித்தியாசம் பெரியது, எண்ணுகிற பிள்ளை பத்துப் பதினைந்தை விட்டுவிட்டாலும் எது சரி என்று தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது கவராயம். அதன் முள் அரை மில்லிமீற்றர் விலகி, ஆரை 6.95 ஆகிவிட்டால் வில்கள் ஒன்றையொன்று தொடாது, மூலைகளில் சிறு வாசல் திறந்திருக்கும். அப்போது முக்கோணிக்குள் மிஞ்சும் வெளி 7.9 அல்ல, 9.0. அரை மில்லிமீற்றருக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கும் மேல் கூடிவிடுகிறது. எண்ணில் கண்ட அதே குணம் கோட்டிலும் வருகிறது. ஆகவே சதுரங்களை எண்ணத் தொடங்கும் முன்னர் மூன்று மூலைகளும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

எவ்வளவு துல்லியம் போதும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுக் கணக்கில் இறங்கிய ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். சமர்கந்தில் உலூக் பேக்கின் ஆதரவில் இருந்த ஜம்ஷீத் அல்-காஷி, ஹிஜ்ரி 827 இல் (1424) ரிஸாலா அல்-முஹீதிய்யா என்ற நூலை எழுதி முடித்தார். அண்டத்தின் அளவுக்கு ஒரு வட்டத்தை எடுத்தாலும் அதன் பரிதியில் வரும் வழு ஒரு குதிரை மயிரின் தடிப்பைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்று அவர் முதலில் எல்லை வகுத்தார். அதற்கு எத்தனை பக்கமுள்ள பல்கோணி தேவை என்று பின்னர் கணித்தார். 805,306,368 பக்கம் என்று வந்தது. அதைக்கொண்டு π ஐ 16 தசமதானம் வரை கண்டார்.

மூன்று வட்டங்களின் நடுவெளிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் வரிசை அதுவேதான். மீதி எவ்வளவு சிறியது என்று முதலில் பார்க்க வேண்டும். அது மொத்தத்தில் பத்திலொன்று என்றால், கையிலுள்ள அளவுகள் வேண்டிய துல்லியத்தைவிடப் பத்து மடங்கு நல்லவையாக இருக்க வேண்டும். வர்க்கமூலத்தையும் π ஐயும் இடையில் சுருக்காமல் கடைசிவரை அப்படியே கொண்டுபோய், கழித்த பிறகே சுருக்க வேண்டும்.

அல்-குவாரிஸ்மி மூன்று அளவுகளையும் தந்து, ஒவ்வொன்றும் யாருடையது என்றும் சொல்லிவைத்தார். அவற்றை ஒரே தட்டில் வைத்துப் புகழ்ந்துவிட்டுப் போவது நமக்கு எளிது. 84.87 இலிருந்து ஒருமுறை கழித்துப் பார்த்தால் எது எங்கே நிற்கிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.